ஒரு பக்கத் திட்டத்தாளில் வழுக்கும் இடங்கள்

"பாசி காயப்போட மேடை வேணும், ஒரு லட்சம் இருந்தா முடிஞ்சிடும்." ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் பக்கத்து மகளிர் குழு ஒன்றில் இப்படி ஒரு யோசனை எழுகிறது என்று வைத்துக்கொள்வோம். மூங்கில் மிதவையில் வளர்த்த கப்பாபைக்கஸ் என்ற கடற்பாசியை மணலில் விரித்துக் காயவைத்தால் மணல் ஒட்டும், வாங்குபவர் எடையில் கழிப்பார். யோசனை நல்லதுதான். அதைத் திட்டத்தாளாக எழுதும்போதுதான் சறுக்கல் வருகிறது.

முதல் தவறு, நோக்கத்தின் இடத்தில் வழியை எழுதுவது. "மேடை அமைத்தல்" நோக்கம் அல்ல. மேடை வந்த பிறகும் மணல் கழிவு குறையாவிட்டால் திட்டம் தோற்றதுதானே? நோக்கத்தை அளக்கும்படி எழுதுங்கள். பத்து மூட்டையிலிருந்து மூட்டைக்கு ஒரு கிலோ காய்ந்த பாசி எடுத்து, சல்லடையில் உதறி, விழும் மணலை எடை போட்டுச் சராசரி காணுங்கள். இப்போது கிலோவுக்கு 90 கிராம் என்று வந்தால், நோக்கம் இப்படி அமையும்: "செப்டம்பர் 30-க்குள் காய்ந்த பாசியில் மணலைக் கிலோவுக்கு 90 கிராமிலிருந்து 30 கிராமாகக் குறைத்தல்." இந்தத் தேதியும் சும்மா போட்டதல்ல. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் காயப்போட வெயில் கிடைக்காது, மேடையைச் சோதிக்கவும் முடியாது.

அடுத்தது எண்ணிக்கையை மனக்கணக்கில் சொல்வது. 20 அடிக்கு 6 அடியில் ஆறு மேடை என்று எழுதிவிடுவார்கள். ஒரு சதுர அடிக்கு ஒரு கிலோ ஈரப் பாசி தாங்கும் என்று குழு அளந்து பார்த்திருக்கிறது என்று கொள்வோம். அப்படியானால் ஒரு மேடைக்கு 120 கிலோ, ஆறுக்கு 720 கிலோ. ஆனால் குழு ஒரு நாளைக்கு மூன்று மிதவை அறுக்கிறது, மிதவைக்கு 200 கிலோ, ஆக 600 கிலோ. காய இரண்டு நாள் ஆகிறதென்றால், முதல் நாள் பாசியைக் காய்ந்து எடுக்கும் முன்பே இரண்டாம் நாள் பாசி வந்து சேரும். தேவை 1,200 சதுர அடி, அதாவது பத்து மேடை. ஆறோடு நிறுத்தினால் மிச்சம் திரும்பவும் மணலில்தான் விரியும்.

திட்டத்தின் எல்லையைச் சொல்லும் பகுதியில் செய்வதை மட்டும் எழுதி, செய்யாததை விட்டுவிடுகிறார்கள். இது சின்ன விடுபடலாகத் தோன்றும். பணம் கொடுப்பவர் கிட்டங்கியும் சேர்த்துத்தானே என்று கேட்கும் நாளில் பெரிதாகும். "விதைப்பாசி வாங்குதல், கிட்டங்கி, கொட்டகைக் கூரை ஆகியவை இதில் சேராது" என்று ஒரே வரி போதும்.

கையில் கிடைக்கப்போவது என்ன என்பதை எண்ணிப் பார்க்கும்படி எழுதுங்கள். "தரமான உலர்த்தும் வசதி" என்றால் யாரும் சரிபார்க்க முடியாது. "தரையிலிருந்து மூன்று அடி உயரத்தில், சவுக்குக் கம்பு நட்டு வலை கட்டிய பத்து மேடை, மழைக்கு மூட பத்துத் தார்ப்பாய், அறுப்பு நாள் வாரியாக மணல் எடை எழுதும் ஒரு பதிவேடு" என்றால் போய் எண்ணிவிடலாம்.

செலவில் வழக்கமாக நழுவுவது குழுவின் சொந்த உழைப்பும், எதிர்பாராத செலவுக்கான கையிருப்பும். ஒரு மாதிரிக் கணக்கு, விலைகளை உங்கள் கடையில் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்: மேடைக்கு 6,500 வீதம் 65,000, தார்ப்பாய் 1,200 வீதம் 12,000, வண்டிக்கூலி 4,000. ஆக 81,000. பத்து சதவீதம் கையிருப்பு 8,100 சேர்த்தால் ரொக்கம் 89,100 ரூபாய். உறுப்பினர்களின் 20 ஆள்நாள் வேலையை 500 வீதம் 10,000 என்று தனி வரியில் காட்டுங்கள். இதை ரொக்கத்தோடு கலந்தால் தணிக்கையில் விளக்கம் சொல்லி மாளாது.

கடைசியில் ஒப்புதல். பெரும்பாலான தாள்களில் கையெழுத்துக்கு மூன்று கோடு மட்டுமே இருக்கும். எவர் எதற்கு ஒப்புகிறார் என்பது இருக்காது. ஒவ்வொரு கோட்டுக்கும் பெயர், பொறுப்பு, தேதி, தொகை வரம்பு வேண்டும். உதாரணமாக, 2,000 ரூபாய்க்குள் மாற்றம் என்றால் பொருளாளர். அதற்கு மேல் கையிருப்புத் தீரும் வரை தலைவியும் செயலாளரும் சேர்ந்து. அதையும் தாண்டினால் குழுத் தீர்மானமும் பணம் தருபவரின் கையெழுத்தும். இடத்துக்கு உரியவருக்குத் தனிக் கோடு போடுங்கள். அது பட்டாவா, புறம்போக்கா என்றும் எழுதுங்கள். கரையோரத்தில் உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டலம் இருக்கிறது. ஆகையால் கழற்றி எடுக்கக்கூடிய கம்பு மேடையா, கான்கிரீட் தூணா என்பதைக் குறிப்பிட்டு, தேவையான அனுமதியைக் கேட்டறிந்த பிறகே கம்புக்கு முன்பணம் கொடுங்கள். வாங்கிய கம்பைக் கடைக்காரர் திரும்ப எடுப்பது அபூர்வம்.