தவணையில் 308 ரூபாய் ஏறியது எப்படி? கடன் ஒப்பந்தத்தைக் கே.எஃப்.எஸ்.ஸுடன் ஒப்பிடும் முறை

தனிநபர் கடன் வாங்கும்போது இரண்டு ஆவணங்கள் வரும். முதலில் வருவது இரண்டு மூன்று பக்க முக்கிய விவர அறிக்கை, வங்கிக்காரர்கள் கே.எஃப்.எஸ். என்பார்கள். பின்னால் வருவது நாற்பது பக்க ஒப்பந்தம். முதலாவதைப் படித்த திருப்தியில் இரண்டாவதில் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். மாற்றங்கள் நுழைவது அந்த இடத்தில்தான்.

ரிசர்வ் வங்கியின் விதிப்படி, 2024 அக்டோபர் 1 முதல் வழங்கப்படும் சில்லறைக் கடன்களுக்கும் சிறு, குறு, நடுத்தரத் தொழில்களுக்கான தவணைக் கடன்களுக்கும் கே.எஃப்.எஸ். கட்டாயம். ஏழு நாளோ அதற்கு மேலோ தவணைக்காலம் உள்ள கடன் என்றால், முடிவெடுக்கக் குறைந்தது மூன்று வேலை நாள் அவகாசம் உண்டு. அதற்குள் நீங்கள் ஒப்புக்கொண்டால் அதில் உள்ள நிபந்தனைகளுக்குக் கடன் தருபவர் கட்டுப்பட்டவர். ஆகவே அவசரப்படுத்தினால் அசைய வேண்டாம். ஓ.டி.பி. கொடுத்துக் கையெழுத்திடும் கடன் என்றால், எண்ணைத் தட்டும் முன் ஒப்பந்தக் கோப்பை முழுதாகத் தரவிறக்கிக்கொள்ளுங்கள்.

முதல் படி: ஒரே கடன்தானா?

கே.எஃப்.எஸ்.ஸின் மேலே கடன் முன்மொழிவு எண் இருக்கும். ஒப்பந்தத்தில் சேர்க்கப்படும் சுருக்கப் பெட்டியிலும் அதே எண் இருக்கிறதா என்று பாருங்கள். எண் மாறியிருந்தால் உங்களுக்குப் புதிய கே.எஃப்.எஸ். தயாராகி, அது உங்கள் கண்ணில் படாமல் போயிருக்கலாம். அதைக் கேட்டு வாங்குங்கள்.

இரண்டாம் படி: தவணையை நீங்களே கணக்கிடுங்கள்

வட்டி விகிதத்தை மட்டும் ஒப்பிடுவது போதாது. அது பெரும்பாலும் மாறியிருக்காது. ஓர் எடுத்துக்காட்டு: கே.எஃப்.எஸ்.ஸில் கடன் 3,00,000 ரூபாய், வட்டி 14%, காலம் 36 மாதம், வரி சேர்த்துப் பரிசீலனைக் கட்டணம் 7,080 ரூபாய். எக்செல்லில் இப்படித் தட்டுங்கள்:

```
=PMT(14%/12,36,-300000)
```

விடை 10,253 ரூபாய். ஒப்பந்தத்தின் தவணை அட்டவணையிலோ 10,561 என்று இருக்கிறது. வட்டி அதே 14%, மாதமும் அதே 36. அப்படியானால் மாறியது அசல்தான். ஒப்பந்தத்தில் கடன் தொகை 3,09,000 ஆகியிருக்கிறது. 9,000 ரூபாய் காப்பீட்டுப் பிரீமியம் கடனோடு சேர்ந்துவிட்டது. மாதம் 308 ரூபாய் பெரிதாகத் தெரியாது. 36 மாதத்துக்கு அது 11,088 ரூபாய்.

கட்டணங்களையும் சேர்த்துச் சொல்லும் ஏ.பி.ஆர்., அதாவது ஆண்டு சதவீத விகிதம், இதை இன்னும் தெளிவாகக் காட்டும். பரிசீலனைக் கட்டணமும், இரண்டாவதில் பிரீமியமும் கழிந்து, இரண்டு நிலையிலும் உங்கள் கைக்கு வருவது 2,92,920 ரூபாய்தான்.

```
=RATE(36,10253,-292920)*12
=RATE(36,10561,-292920)*12
```

முதலாவது ஏறக்குறைய 15.7%, இரண்டாவது 17.8%. விடை 0.157 என்றோ 16% என்றோ தெரிந்தால் அந்தக் கட்டத்தைத் தசம இடங்களோடு சதவீத வடிவத்துக்கு மாற்றிப் பாருங்கள்.

கே.எஃப்.எஸ்.ஸில் இல்லாத கட்டணத்தை உங்கள் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் வசூலிக்க முடியாது. ஆனால் அந்தச் சம்மதம், கட்டோடு வந்த காப்பீட்டுப் படிவத்தில் உங்கள் கையெழுத்தாகவே கிடக்கலாம். ஒவ்வொரு தாளின் தலைப்பையும் படித்த பிறகே பேனாவை எடுங்கள்.

மூன்றாம் படி: எண் இருந்த இடத்தில் சொல் இருக்கிறதா?

எண்கள் பொருந்திய பிறகும் ஒன்று பாக்கி. கே.எஃப்.எஸ்.ஸில் "முன்கூட்டியே கடனை முடிக்கும் கட்டணம் 2%" என்று இருக்கும். ஒப்பந்தத்தில் அதே இடத்தில் "அவ்வப்போது மாற்றப்படும் கட்டணப் பட்டியலின்படி" என்று எழுதியிருப்பார்கள். இன்று அந்தப் பட்டியலிலும் 2% இருக்கலாம். நாளைக்கு அது எத்தனை என்பதை அவர்களே தீர்மானிப்பார்கள். "நிலையான வட்டி" என்று கே.எஃப்.எஸ். சொல்ல, ஒப்பந்தம் "வட்டியை மறுநிர்ணயம் செய்யும் உரிமை" என்று பேசினால் அதுவும் இதே ரகம். கோப்பில் "அவ்வப்போது", "மறுநிர்ணயம்" போன்ற சொற்களைத் தேடுங்கள். ஆங்கில ஒப்பந்தம் என்றால் `from time to time`, `reset` என்று தேடுங்கள்.

வட்டி எந்த நாளிலிருந்து ஓடுகிறது என்பதையும் ஒரு பார்வை பாருங்கள். பணம் கைக்கு வந்த நாளிலிருந்துதான் ஓட வேண்டும். ஒப்பந்தம் போட்ட நாளிலிருந்து அல்ல.

வேறுபாடு கண்டால்

தொலைபேசியில் பேசித் தீர்க்காதீர்கள். முன்மொழிவு எண், கே.எஃப்.எஸ். வரி, ஒப்பந்தத்தின் பக்கமும் பிரிவும் குறிப்பிட்டு மின்னஞ்சல் அனுப்பி, திருத்திய ஒப்பந்தம் கேளுங்கள். "அது வழக்கமான வாசகம்தான் சார்" என்ற பதில் வந்தால், அதையே எழுத்தில் தரச் சொல்லுங்கள். ஏற்கெனவே கையெழுத்திட்டுவிட்டீர்களா? கே.எஃப்.எஸ்.ஸில் உள்ள குறைதீர்ப்பு அலுவலருக்குப் புகார் எழுதுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ `cms.rbi.org.in` தளத்தில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். இரண்டு ஆவணங்களையும் வேறுபட்ட வரிகளில் கோடிட்டு இணைத்துவிடுங்கள்.