கறுப்புப் படிவைக் கழுவிவிடாதீர்கள்

ஈரக் களிமண்ணில் ஆழமாகப் புதைத்த இரும்புக் குழாய்க்குக் காற்று எட்டாது, அப்புறம் எங்கே துருப்பிடிக்கப் போகிறது என்று நினைப்பதுதான் முதல் தவறு. காற்றில்லாத அந்த ஈர மண்ணில்தான் சல்ஃபேட்டை ஒடுக்கும் பாக்டீரியாக்கள் பெருகும். நமக்கு ஆக்சிஜன் எப்படியோ, அவற்றுக்குச் சல்ஃபேட் அப்படி. அவை வெளிவிடுவது ஹைட்ரஜன் சல்ஃபைடு, அதாவது அழுகிய முட்டை நாற்றம்.

‘நாற்றமே இல்லையே’ என்று ஆறுதல் அடைவது அடுத்த தவறு. அந்தச் சல்ஃபைடு கிடைக்கும் இரும்போடு உடனே சேர்ந்து, கறுப்பான இரும்பு சல்ஃபைடாகப் படிந்துவிடும். வாயு மூக்குக்கு வருவதற்குள் பெரும்பகுதி குழாயின் மேலேயே கட்டுண்டு போகும். அரிப்பை வேகப்படுத்துவதும் அந்தப் படிவுதான்: அது மின்சாரத்தைக் கடத்தும், பக்கத்திலுள்ள வெற்று இரும்போடு ஒரு சிறு பேட்டரி போல இயங்கும். அதனால் குழாய் சீராகத் தேயாமல், அங்கங்கே குழிகுழியாகத் துளைபடும்.

கசிகிற குழாயைத் தோண்டியதும் பணியாட்கள் வழக்கமாகச் செய்வது என்ன? தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவார்கள், கம்பி பிரஷால் தேய்ப்பார்கள், மறுநாள் பொறியாளர் வந்து பார்ப்பார். அதற்குள் மிச்சமிருந்த கறுப்பும் காற்றுப்பட்டுப் பழுப்பாகியிருக்கும். ‘சாதாரணத் துரு’ என்று அறிக்கை எழுதப்படும். புதுத் துண்டும் அதே மண்ணுக்குள் போகும்.

குழி திறந்த உடனே, நகக்கண் அளவு கறுப்பைச் சுரண்டிச் சிறு குப்பியில் எடுங்கள். திறந்தவெளியில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் இரண்டு சொட்டு விட்டு, குப்பியின் வாயருகே ஈரமான லெட் அசிடேட் தாளைப் பிடியுங்கள். தாள் கறுத்தால் சல்ஃபைடு இருக்கிறது. முகர்ந்து பார்க்க வேண்டாம். செறிவு 100 பிபிஎம் அளவை எட்டினால் மூக்கு மரத்துப்போய், நாற்றம் போய்விட்டதென்று ஏமாற்றும். சரி, சல்ஃபைடு மண்ணிலேயே இருந்திருந்தால்? குழாயிலிருந்து சில மீட்டர் தள்ளி எடுத்த மண்ணிலும் இதையே செய்து ஒப்பிடுங்கள். கறுப்புக்கு அடியில் கிண்ணம் போன்ற குழிகளும் பளபளக்கும் உலோகமும் தெரிந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். வார்ப்பிரும்பு மட்டும் உருவம் மாறாமலே ஏமாற்றும். இரும்பு கரைந்து கிராஃபைட் மிஞ்சியிருக்கும். கத்தியால் கீறினால் பென்சில் கரி போல உதிரும்.

எஃகுக் குழாய்க்கு மின்னோட்டம் செலுத்தி அரிப்பைத் தடுக்கும் ஏற்பாடு இருக்கிறதென்று விட்டுவிடுவதும் உண்டு. செம்பு–செம்புசல்ஃபேட் மின்முனையோடு ஒப்பிட்டுக் குழாயின் மின்னழுத்தம் −850 மில்லிவோல்ட் என்பது வழக்கமான இலக்கு. இந்தப் பாக்டீரியா உள்ள மண்ணில் −950 வரை கொண்டுபோவதுதான் நடைமுறை. ஆனால் மேற்பூச்சு உரிந்து உப்பியிருந்தால் அதற்கடியில் மின்னோட்டம் சரியாகப் போகாது; மேலே அளவி காட்டும் எண் நன்றாக இருக்கும்போதே கீழே குழி விழுந்துகொண்டிருக்கும்.