ஹீமோகுளோபின் 18: 'ரத்தம் நல்லா ஊறியிருக்கு' என்று விட்டுவிடலாமா?

ஹீமோகுளோபின் 9 என்றால் பதறுகிற வீடுகளில், 18 என்றால் சந்தோஷம்தான். முதல் தவறே அதுதான். ஆண்களுக்கு 16.5-க்கு மேலோ, ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைச் சொல்லும் ஹெமட்டோகிரிட் 49 சதவீதத்துக்கு மேலோ போனால் காரணம் தேட வேண்டும்.

மாட்டுத்தாவணி சந்தையில் இரவெல்லாம் லோடு இறக்கும் 46 வயதுக்காரர் ஒருவரை வைத்துப் பார்ப்போம். தினமும் ஒரு கட்டு பீடி, படுத்தால் பெருங்குறட்டை. சித்திரை வெயில் காலத்தில், வேலை முடிந்த கையோடு தண்ணீர்கூடக் குடிக்காமல் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தார். ஹீமோகுளோபின் 18.2, ஹெமட்டோகிரிட் 55. உடம்பில் நீர் வற்றினால் இரண்டுமே கூடித் தெரியும். வெறும் வயிற்றுப் பரிசோதனைக்கும் தண்ணீர் குடிக்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. நன்றாகத் தண்ணீர் குடித்து மறுபடி பார்த்தபோது 17.4, 52. குறைந்தது, ஆனால் சரியாகவில்லை.

மீதிக்குப் பீடி ஒரு காரணமாக இருக்கலாம். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். ஆக்சிஜன் போதவில்லை என்று சிறுநீரகம் எரித்ரோபொய்ட்டின் என்ற ஹார்மோனைச் சுரக்க, எலும்பு மஜ்ஜை கூடுதலாகச் சிவப்பணுக்களை உண்டாக்கும்.

இங்கே பலர் ஏமாறுவது விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரிடம். அது 98 காட்டியதும், 'ஆக்சிஜன் நல்லாத்தானே இருக்கு' என்பார்கள். சாதாரண ஆக்சிமீட்டருக்குக் கார்பன் மோனாக்சைடு ஏறிய ஹீமோகுளோபினைப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. விழித்திருக்கும்போது போட்டுப் பார்த்தால், தூக்கத்தில் ஆக்சிஜன் இறங்குவதும் தெரியாது. குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று திணறி எழுகிறாரா என்று வீட்டுக்காரம்மாவைக் கேட்டாலே பாதி விஷயம் கிடைத்துவிடும். மீதியைத் தூக்கப் பரிசோதனை சொல்லும். ஆனால் தூக்கத்தில் மூச்சு நிற்பது மட்டுமே ஹீமோகுளோபினை மிக அதிகமாக ஏற்றுவது அரிது. அதை மட்டும் காரணமாக்கி முடித்துவிடக் கூடாது.

'ரத்த தானம் பண்ணினால் குறைந்துவிடும்' என்பது அடுத்த தவறு. எண் இறங்கும், காரணம் அப்படியே ஒளிந்திருக்கும். ரத்தம் எடுப்பதும் ஆஸ்பிரின் போடுவதும் டாக்டர் முடிவு செய்ய வேண்டியவை.

புகையை நிறுத்தினால் சில மாதங்களில் எண் இறங்க வேண்டும். சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். இறங்காவிட்டாலோ, தட்டணுக்களும் கூடியிருந்தாலோ, குளித்ததும் உடம்பு அரித்தாலோ, மண்ணீரல் வீங்கியிருந்தாலோ மஜ்ஜை தானாகவே அதிகம் உற்பத்தி செய்யும் பாலிசைத்தீமியா வீரா என்ற நோயைச் சந்தேகிக்க வேண்டும். அதற்கு எரித்ரோபொய்ட்டின் அளவும் ஜாக்2 மரபணுப் பரிசோதனையும் உண்டு. வெள்ளணு லேசாகக் கூடியிருப்பதை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம். புகைப்பவர்களுக்கு அது சகஜம்.

அப்புறம், ஜிம்மில் போட்ட டெஸ்டோஸ்டிரோன் ஊசியையும் சர்க்கரைக்குச் சாப்பிடும் டாபாகிளிஃப்ளோசினையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். இரண்டுமே ஹெமட்டோகிரிட்டை ஏற்றக்கூடியவை. ஆனால் சர்க்கரை மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். சிவப்பணு கூடினால் ரத்தம் கெட்டியாகிக் குழாயில் உறைந்து அடைக்கலாம்; அதனால் நெஞ்சுவலி, ஒரு பக்கம் கைகால் இழுப்பது, திடீரென்று பார்வை மங்குவது, ஒரு கால் மட்டும் வீங்குவது என எது வந்தாலும் அந்த நேரமே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.