விட்டுவிட்டேன், சேர்க்கப்படவில்லை, விடுபட்டுவிட்டது: அலுவலக மெயிலில் எதை எங்கே எழுதுவது?

வேலைக்குச் சேர்ந்த புதிதில் குழுவில் இருந்த மூன்று பேருக்கு ஒரே வரியில் ஒரு மெயில் போட்டேன்: "மாத அறிக்கை இன்னும் அனுப்பவில்லை." அனுப்ப வேண்டியவள் நான்தான். தாமதமாகிவிட்டது, இதோ அனுப்புகிறேன் என்ற எண்ணத்தில் எழுதியது அது. ஆனால் போன மாதம் வரை அந்த அறிக்கையைத் தயாரித்து வந்த மூத்தவர், எல்லோர் முன்னாலும் அவரைக் குறை சொல்லிவிட்டேன் என்று எடுத்துக்கொண்டார். நான் நேரில் போய் விளக்கும் வரை அவர் என்னிடம் பேசவில்லை.

தவறு எங்கே என்று பிறகுதான் புரிந்தது. "அனுப்பினேன்" என்றால் நான், "அனுப்பினீர்கள்" என்றால் நீங்கள். விகுதியே ஆளைக் காட்டிவிடும். "அனுப்பவில்லை" என்பதில் அந்த விகுதி இல்லை. அது நானாகவும் இருக்கலாம், நீங்களாகவும் இருக்கலாம், அவராகவும் இருக்கலாம். படிப்பவர் தனக்குத் தோன்றிய ஆளைப் பொருத்திக்கொள்வார். ஒரு மெயிலில் பழி யார் மேல் விழுகிறது என்பதை இவ்வளவு சின்ன இடம் முடிவு செய்துவிடுகிறது. அதனால் ஒரே ஒரு மெயிலை எடுத்துக்கொண்டு படிப்படியாகப் பார்ப்போம்.

நிலைமை

42 விண்ணப்பதாரர்களின் பட்டியலை நீங்கள் கணக்குப் பிரிவுக்கு அனுப்பினீர்கள். எக்செல்லில் போட்டிருந்த ஃபில்டரை எடுக்காமலே நகலெடுத்துவிட்டதால் 36 பெயர்கள்தான் போயிருக்கின்றன. "ஆறு பேரைக் காணோமே?" என்று அங்கிருந்து கேட்டு எழுதியிருக்கிறார்கள். பதில் எழுத வேண்டும்.

படி 1: நடந்ததை மூன்று விதமாக எழுதிப் பாருங்கள்

"ஆறு பெயர்களை விட்டுவிட்டேன்."
"ஆறு பெயர்கள் சேர்க்கப்படவில்லை."
"ஆறு பெயர்கள் விடுபட்டுவிட்டன."

முதலாவது செய்வினை. செய்தவர் வாக்கியத்துக்குள்ளேயே நிற்கிறார். இரண்டாவது செயப்பாட்டுவினை. செய்தவர் மறைந்திருக்கிறார், ஆனால் ஒருவர் இருந்தார் என்பது தெரிகிறது, "யார் சேர்க்கவில்லை?" என்ற கேள்வி படிப்பவர் மனதில் உடனே எழும்.

மூன்றாவதைக் கவனியுங்கள். "பட்டு" என்று வருவதால் இதையும் செயப்பாட்டுவினை என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படி இல்லை. செயப்பாட்டுவினை என்றால் "விடப்பட்டன" என்று வந்திருக்கும். "விடுபட்டன" என்பது உடைந்தது, அழிந்தது, மாறியது போன்ற வினை. இலக்கணத்தில் இதைச் செயப்படுபொருள் குன்றிய வினை என்பார்கள். இங்கே செய்தவரே இல்லை. பெயர்கள் தாமாகவே நழுவிப் போனது போல ஒலிக்கிறது.

தமிழில் பொறுப்பைக் கழற்றிவிட நாம் அதிகம் பயன்படுத்துவது இந்த மூன்றாவது வகையைத்தான். "கோப்பு அழிந்துவிட்டது", "தேதி மாறிவிட்டது" என்று எழுதும்போது நாம் பொய் சொல்வதாக நமக்கே தோன்றாது. அழித்தவரும் மாற்றியவரும் மட்டும் காணாமல் போயிருப்பார்கள்.

படி 2: தவறு யாருடையது என்று பார்த்து வினையைத் தேர்ந்தெடுங்கள்

உங்கள் தவறு என்றால் செய்வினைதான் என் தேர்வு. "ஃபில்டரை எடுக்காமல் நகலெடுத்துவிட்டேன், அதனால் ஆறு பெயர்கள் விடுபட்டுவிட்டன." செயலுக்கு "-ஏன்" விகுதி, விளைவுக்கு மட்டும் "விடுபட்டன". விளைவைச் சொல்ல அந்த வினை பொருத்தமானது. காரணத்தையும் அதனாலேயே சொல்லிவிட்டால்தான் மழுப்பல் ஆகிறது.

"என்னால் தவறு நேர்ந்துவிட்டது" என்று பலர் எழுதுகிறார்கள். பணிவாகத்தான் இருக்கிறது, ஆனால் என்ன செய்தீர்கள் என்பது அதில் இல்லை. கணக்குப் பிரிவுக்குத் தெரிய வேண்டியது உங்கள் வருத்தம் மட்டுமல்ல. மற்ற 36 வரிசைகளை நம்பலாமா என்பதும்தான். ஃபில்டர்தான் காரணம் என்றால் அந்த வரிசைகளில் பிழை இல்லை என்று அவர்களே புரிந்துகொள்வார்கள்.

தவறு எதிரில் இருப்பவருடையது என்றால் கணக்கு மாறுகிறது. "நீங்கள் கோப்பை இணைக்கவில்லை" என்பது உண்மையாகவே இருந்தாலும் விரலை நீட்டுகிறது. "கோப்பு இணைக்கப்படவில்லை" என்றால் விரல் மடங்குகிறது, ஆனால் ஒரு விசாரணைத் தொனி ஒட்டிக்கொள்கிறது. நான் எழுதுவது "மெயிலுடன் கோப்பு வரவில்லை" என்றுதான். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதானே? அவர் இணைத்தும் வழியில் எங்காவது தடைபட்டிருக்கலாம். என் பக்கம் கண்டதை மட்டும் சொல்வது மரியாதை மட்டுமல்ல, துல்லியமும்கூட.

மூன்றாவது ஆள் ஒருவர் இருந்தால் இன்னும் கவனம் தேவை. பட்டியலை நகலெடுத்தது உங்கள் குழுவின் புதியவர் என்றும், மெயிலை அனுப்பியது நீங்கள் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். "பட்டியல் தவறாகத் தயாரிக்கப்பட்டிருந்தது" என்று எழுதினால் பெயர் சொல்லாமலே அவரைக் காட்டிக்கொடுத்துவிடுகிறீர்கள். அவர்தான் தயாரித்தார் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். "சரிபார்க்காமல் அனுப்பிவிட்டேன்" என்று எழுதினால் உங்கள் பங்கை நீங்கள் ஏற்கிறீர்கள். அவரிடம் பேச வேண்டியதைத் தனியாகப் பேசிக்கொள்ளலாம்.

படி 3: அடுத்து செய்யப்போவதில் செய்பவரை மறைக்காதீர்கள்

"விரைவில் சரிசெய்யப்படும்." இந்த ஒரு வாக்கியத்தால் நாள்கணக்கில் கிடப்பில் கிடந்த வேலைகளைப் பார்த்திருக்கிறேன். கணக்குப் பிரிவு நீங்கள் செய்வீர்கள் என்று காத்திருக்கும். நீங்கள் உங்கள் குழுவில் வேறு யாரோ செய்வார் என்று இருப்பீர்கள்.

"-ப்படும்" என்று எழுதியதும் நிறுத்தி, "யாரால், எப்போது?" என்று கேளுங்கள். பதில் தெரிந்தால் அதையே எழுதுங்கள்: "திருத்திய பட்டியலை இன்று 4 மணிக்குள் அனுப்புகிறேன்." தெரியாவிட்டால் இன்னும் யாரும் பொறுப்பேற்கவில்லை என்று பொருள், மெயிலை அனுப்பும் முன் அதைப் பேசி முடிவு செய்யுங்கள்.

யார் செய்தார் என்பது முக்கியமே இல்லாத இடத்தில் செயப்பாட்டுவினை தாராளமாக வரலாம். "உங்கள் விண்ணப்பம் பெறப்பட்டது" என்பதில் யாரும் எதையும் மறைக்கவில்லை.

படி 4: கேட்பதை மனிதர் கேட்பது போல எழுதுங்கள்

"பழைய பட்டியலை நீக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்." இது மரியாதை என்று நினைத்து எழுதப்படுகிறது. ஆனால் கேட்பவர் யார் என்றே இதில் தெரியவில்லை. அறிவிப்புப் பலகை பேசுவது போல இருக்கிறது. "நீக்கவும்" என்பது சுருக்கமானது, படிவங்களுக்குச் சரி. தவறு நம்முடையதாக இருக்கும்போது அதுவும் உத்தரவு போலத்தான் ஒலிக்கும். "நீக்கிவிடுங்கள்" என்றால் ஒருவர் இன்னொருவரிடம் பேசுகிறார்.

முழு மெயில்

வணக்கம்.

நேற்று அனுப்பிய பட்டியலில் ஃபில்டரை எடுக்காமல் நகலெடுத்துவிட்டேன். அதனால் ஆறு பெயர்கள் விடுபட்டுவிட்டன. மன்னிக்கவும். மற்ற 36 வரிசைகளில் மாற்றம் இல்லை.

42 பெயர்களும் உள்ள பட்டியலை இன்று 4 மணிக்குள் அனுப்புகிறேன். அது வந்ததும் பழையதை நீக்கிவிடுங்கள். ஏற்கெனவே அதை வைத்து ஏதாவது கணக்கிட்டிருந்தால் சொல்லுங்கள், உட்கார்ந்து சேர்ந்து பார்த்துவிடலாம்.

அனுப்பு பொத்தானை அழுத்தும் முன் ஒருமுறை "-ப்பட்ட", "-ப்படும்", "-வில்லை" மூன்றையும் மெயிலில் தேடிப் பாருங்கள். "-வில்லை" வரும் இடத்தில் நான், நீங்கள் என்ற எழுவாயோ, வராமல் போன பொருளின் பெயரோ தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். அன்று எனக்கு விடுபட்டது "நான்" என்ற ஒரு சொல்தான்.