ஊரிலிருந்து அம்மா வருகிறாரா? இருமலைக் கேட்டுவிட்டு டிக்கெட் போடுங்கள்

பிரசவத்துக்குத் துணையாக அம்மாவை வரவழைக்கும்போது நாம் கேட்பதெல்லாம் பெட்டியைப் பற்றித்தான். பருப்புப்பொடி எத்தனை கிலோ, லேகியம் கிண்டியாச்சா, ஏர்போர்ட்டில் பிடுங்கிவிடுவார்களா. இருமல் இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. இங்கிலாந்துக்கு வந்து ஒன்பது வருடம் ஆன நானே கேட்கவில்லை. அதனால்தான் புதிதாக வந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எங்களுக்கு மன்னார்குடிப் பக்கம். பொங்கல் முடிந்த வாரம் அம்மாவுக்குச் சளி பிடித்தது. மூக்கொழுகலும் தொண்டைக் கரகரப்பும்தான், காய்ச்சல் இல்லை. ஒரு வாரத்தில் சளி வடிந்து இருமல் வந்தது. சம்பா அறுவடை நேரம் அது. அறுப்பு மெஷின் ஓடுகிறது, ரோட்டிலேயே நெல் காய்கிறது, விடிகாலையில் பனி. டெல்டாவில் தை மாதம் இருமாத ஆள் யார்? சித்தரத்தையும் அதிமதுரமும் தட்டிப்போட்ட கஷாயம் நடந்தது. முதல் டாக்டர் சிரப்பும் அமாக்ஸிசிலினும் கொடுத்தார். அடுத்தவர் தூசி அலர்ஜி என்று இன்ஹேலர் எழுதினார். எக்ஸ்ரே சுத்தமாக இருந்தது. போனில் பேசும்போதெல்லாம், “பனி பட்டுடுச்சு, வேற ஒண்ணுமில்லடி” என்றார். இருமல் ஆரம்பித்துப் பதினாறாம் நாள் மன்னை எக்ஸ்பிரஸில் சென்னைக்கு வந்து விமானம் ஏறிவிட்டார். அப்போது இங்கே பிரசவத்துக்குக் காத்திருந்த என் தங்கைக்கு 36 வாரம்.

வந்த மறுநாள் ராத்திரி இரண்டு மணிக்குச் சமையல்கட்டில் சத்தம். அம்மா சிங்க்கின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தார். இடையில் மூச்சு இழுக்க இடமில்லாமல் பத்துப் பன்னிரண்டு இருமல் ஒரே அடுக்காக வந்தது. முகம் சிவந்து, கண்ணில் நீர் கட்டி, கடைசியில் குடித்த பால் வெளியே வந்தது. இரண்டு நிமிஷம் கழித்து ஒன்றுமே நடக்காதவர் போல, “நீ போய்ப் படு” என்றார்.

அது கக்குவான் இருமல். பேரிலேயே ‘கக்குவது’ இருக்கிறது, பாருங்கள்.

இது சின்னப் பிள்ளைகளுக்கு வருவது என்றுதான் நாம் நினைக்கிறோம். ஆனால் சிறுவயதில் போட்ட ஊசியின் பலம் சில வருடங்களில் தேய்ந்துவிடும். ஒருமுறை வந்து போனவர்களுக்கும் பாதுகாப்பு ஆயுள் முழுக்க நிற்பதில்லை. பெரியவர்களுக்குத் திரும்ப வரும்போது, ‘ஊப்’ என்று மூச்சை இழுக்கும் அந்தப் பிரபலமான சத்தம் பெரும்பாலும் இருக்காது. டாக்டரின் அறையில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் இருமலும் வராது, ஸ்டெதாஸ்கோப்பில் நெஞ்சு தெளிவாகக் கேட்கும். ஆகவே அந்த இரண்டு டாக்டர்களையும் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவர்கள் பகலில் பார்த்த அம்மா வேறு, நான் ராத்திரி பார்த்த அம்மா வேறு. காய்ச்சல் இல்லை, இடைப்பட்ட நேரத்தில் ஆள் நன்றாக இருக்கிறார், ஆனால் அடுக்கடுக்காக இருமல், முடிவில் வாந்தி, இரவில் அதிகம், இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறது என்றால் இந்தப் பேரை நீங்களே டாக்டரிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

சோதனைக்கும் நேரம் உண்டு. மூக்கின் பின்புறம் வரை குச்சி விட்டு எடுக்கும் பிசிஆர், இருமல் தொடங்கிய மூன்று வாரத்துக்குள் எடுத்தால்தான் நம்பகமாக இருக்கும். அதற்குப் பிறகு கிருமி குறைந்துவிடும், ரத்தத்தில் எதிர்ப்பொருளைத்தான் பார்க்க வேண்டும். தாமதமாக எடுத்த பிசிஆரில் ‘இல்லை’ என்று வந்தால் நோய் இல்லை என்று ஆகாது. அம்மாவுக்குப் பதினெட்டாம் நாள் எடுத்தார்கள், ‘உண்டு’ என்று வந்தது. விசிட்டர் விசாவில் வந்தவரை எப்படிக் கூட்டிப்போவது, எவ்வளவு கேட்பார்களோ என்று தயங்காதீர்கள். இங்கிலாந்தில் இது தொற்றுநோய்ப் பட்டியலில் இருப்பதால் இதன் சோதனைக்கும் சிகிச்சைக்கும் வெளிநாட்டவரிடம் காசு வாங்குவதில்லை.

மருந்து அசித்ரோமைசின், ஐந்து நாள்: முதல் நாள் 500 மில்லிகிராம், அடுத்த நான்கு நாள் 250. ஊரில் சாப்பிட்ட அமாக்ஸிசிலின் இந்தக் கிருமியைச் சரியாக அகற்றாது. இந்த மருந்தும் அடுத்தவருக்குத் தொற்றுவதைத்தான் நிறுத்தும், இருமலை நிறுத்தாது. மூச்சுக்குழாயின் உள்பக்கம் சளியை மேலே தள்ளுகிற மெல்லிய இழைகளைக் கிருமி சேதப்படுத்திவிடுகிறது. அவை திரும்ப வளர வாரக்கணக்கில் ஆகும். மருந்தே எடுக்காதவர், இருமல் தொடங்கி மூன்று வாரம் வரை பரப்புவார். அம்மா விமானம் ஏறிய நாள் அதற்குள்தான் இருந்தது.

பயமெல்லாம் பிறக்கப்போகும் பிள்ளையை நினைத்துத்தான். பச்சைக் குழந்தை பெரிதாக இருமாமலே இருக்கலாம். பால் குடிப்பதை விட்டுவிடும், மூச்சு சில நொடி நின்றுபோகும், உதடு நீலம் பாரிக்கும். அப்படிக் கண்டால் காலையில் பார்க்கலாம் என்று இருக்காமல் உடனே 999-ஐ அழைக்க வேண்டும். குழந்தைக்கு முதல் ஊசி ஊரில் ஆறாவது வாரம், இங்கே எட்டாவது வாரம். அதுவரை அதற்குப் பாதுகாப்பு, கர்ப்பத்தில் பெற்றவள் போட்டுக்கொண்ட ஊசி நஞ்சுக்கொடி வழியாகக் கொடுத்து அனுப்பும் எதிர்ப்புச் சக்திதான்.

இங்கேதான் என் தங்கை சறுக்கினாள். ஏழாம் மாதம் இங்கு வந்தபோது மிட்வைஃப், “கக்குவான் ஊசி போட்டாச்சா?” என்று கேட்டார். “கும்பகோணத்தில் ரெண்டு ஊசி போட்டேன்” என்றாள், அவரும் குறித்துக்கொண்டார். ஊர் அட்டையை எடுத்துப் பார்த்தால் இரண்டும் டிடி. அது ரணஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்கும் மட்டும். கக்குவானுக்கும் சேர்த்துப் போடும் ஊசி டிடாப். ஊரில் அரசு ஆஸ்பத்திரியில் கர்ப்பிணிகளுக்குப் போடுவது டிடிதான், டிடாப்பைத் தனியாரிடம் கேட்டு வாங்கிப் போட வேண்டும். இங்கிலாந்தில் 16 வாரத்திலிருந்து இலவசம், 32 வாரத்துக்குள் போட்டுக்கொள்வது நல்லது. அமெரிக்காவில் 27 முதல் 36 வாரத்துக்குள் போடச் சொல்கிறார்கள். ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் புதிதாகப் போட வேண்டும், மூத்த பிள்ளைக்குப் போட்டது இளையதற்கு உதவாது. ஆகவே ஊர் அட்டையைக் கையோடு எடுத்துவந்து மிட்வைஃபிடம் காட்டுங்கள். வாயால் ‘போட்டாச்சு’ என்று சொல்லாதீர்கள்.

தங்கைக்கு அந்த வாரமே ஊசியும், கூடவே அசித்ரோமைசினும் கொடுத்தார்கள். 36 வாரம் தாமதம்தான், ஆனாலும் பிரசவத்துக்கு இரண்டு வாரமாவது இடம் இருந்தால் பிள்ளைக்குக் கொஞ்சம் போய்ச்சேரும்.

வரப்போகும் தாத்தா பாட்டிக்கு, புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பே தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ டிடாப் போட்டுவிடுங்கள். பூஸ்ட்ரிக்ஸ், அடாசெல் என்ற பேரில் கிடைக்கும், குழந்தைகள் டாக்டரிடம் கேட்டால் தெரியும். இங்கே அரசுக் கணக்கில் தாத்தா பாட்டிக்குப் போடுவதில்லை. ஊசி போட்டவரும் கிருமியைக் கடத்தலாம் என்பதால், இருமுகிறவர் யாராக இருந்தாலும் பிள்ளையிடம் போகாமல் இருப்பதே நல்லது. அப்புறம், இரண்டு வாரம் தாண்டிய இருமல் என்றால் ஊரிலேயே ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசநோய்க்கான சளிப் பரிசோதனையும் செய்துவிட வேண்டும். ஆறு மாத விசிட்டர் விசாவுக்குக் காசநோய்ச் சோதனை கேட்பதில்லை, அதனால் வேறு யாரும் பார்க்கப்போவதில்லை. ரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரில், ராமிப்ரில் சாப்பிடுகிறவருக்கு அந்த மாத்திரையாலும் வறட்டு இருமல் வரும், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிள்ளை மூன்று வாரம் கழித்துப் பிறந்தான். அம்மா மாத்திரை முடித்து வெகுநாள் ஆகியிருந்ததால் மூன்றாம் நாளே தூக்கிக்கொள்ளலாம் என்றார்கள். இருமல் மட்டும் பங்குனி வரைக்கும் இருந்தது. தொற்றாது என்று எத்தனை முறை சொன்னாலும் கேட்காமல், தொண்டை அரிக்கும்போதெல்லாம் பேரனைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு, அந்தக் குளிரிலும் பின்கட்டுக் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்த்தான் இருமுவார்.