கேள்வியை எளிதாக்கலாம், பாடத்தை அல்ல

"1930இல் காந்தியடிகள் மேற்கொண்ட தண்டி யாத்திரையைத் தொடர்ந்து, இராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து புறப்பட்ட தொண்டர்களால் வேதாரண்யத்தில் நடத்தப்பட்ட உப்புச் சத்தியாகிரகத்திற்கான காரணங்களையும் விளைவுகளையும் விவரி."

பத்தாம் வகுப்புக்கு நான் எழுதிய கேள்விதான் இது. வகுப்பில் பீகாரிலிருந்து வந்த பையன் ஒருவன் இருந்தான். தமிழ் சரளமாகப் பேசுவான், ஆனால் எழுத்துக் கூட்டித்தான் படிப்பான். தண்டி யாத்திரையைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தான். வேதாரண்யம் பற்றி ஒரு வரிகூட இல்லை. கூப்பிட்டு வாயால் கேட்டால் எல்லாம் சொல்கிறான்!

தப்பு என்னுடையது. என்ன செய்ய வேண்டும் என்பது நம் வாக்கியத்தில் கடைசிச் சொல்லில்தான் வருகிறது. அதுவரை காந்தி, தண்டி, திருச்சி எல்லாவற்றையும் மனதில் சுமக்க வேண்டும். மெதுவாகப் படிப்பவன் முதலில் கண்ணில் பட்ட பெயரைப் பிடித்துக்கொள்கிறான்.

சரி, சுருக்குவோம் என்று "இராஜாஜி எங்கே உப்பு எடுத்தார்?" என்று மாற்றினேன். ஒரு சொல்லில் விடை முடிந்துவிட்டது. காரணமும் விளைவும் காணாமல் போயின. அப்புறம் சத்தியாகிரகம் கடினமான சொல்லாயிற்றே என்று "உப்புச் சண்டை" என்று போட்டேன். பையன் பாடப்புத்தகத்தில் அதைத் தேடிக்கொண்டிருந்தான். பாடத்தின் சொல்லில் கை வைக்கக் கூடாது. 'மேற்கொண்ட', 'தொடர்ந்து' மாதிரி சுற்றியிருப்பவற்றைத்தான் குறைக்க வேண்டும்.

கடைசியில் இப்படி நின்றது:

1930 ஏப்ரலில் இராஜாஜியும் தொண்டர்களும் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தார்கள். அங்கே உப்புச் சத்தியாகிரகம் செய்தார்கள்.
அ) ஏன் செய்தார்கள்? இரண்டு காரணங்கள் எழுது.
ஆ) அதனால் என்ன நடந்தது? இரண்டு விளைவுகள் எழுது.

காந்தியை எடுத்துவிட்டதைக் கவனியுங்கள். தண்டி யாத்திரை காரணங்களில் ஒன்று. அதைக் கேள்வியிலேயே வைத்தால் பாதி விடையை நாமே கொடுத்ததாகிவிடும். உதவிக்காகச் சேர்க்கும் முன்வாக்கியங்களில் இந்தக் கசிவு அடிக்கடி நடக்கும்.

ஒரு மதிப்பெண் கேள்விகளில் வேறு வம்பு. 'பொருந்துவது', 'பொருந்தாதது' இரண்டும் தொடக்கத்தில் ஒன்றுதான். பாதிச் சொல்லைப் பார்த்து மீதியை ஊகிப்பவன் 'பொருந்தாதது' என்பதிலுள்ள எதிர்மறையைத் தவற விடுகிறான். "மூன்று சரி, ஒன்று தவறு. தவறானதைக் கண்டுபிடி" என்று கேட்டுப் பாருங்கள். நீளம் கூடினாலும் குழப்பம் குறையும்.

கேள்வி தெளிவா என்று நாமே படித்துப் பார்த்துத் தீர்மானிப்பது இன்னொரு தவறு. நமக்கு விடை தெரியும், அதனால் எல்லாமே தெளிவாகத்தான் தெரியும். பயிற்சித் தாளாகக் கொடுத்து, மெதுவாகப் படிக்கும் இரண்டு பிள்ளைகளிடம் "இதில் என்ன கேட்டிருக்கு, உன் வார்த்தையில் சொல்லு" என்று கேட்பேன். அதைச் சரியாகச் சொல்லிவிட்டு விடையைத் தப்பாக எழுதினால், திரும்ப நடத்த வேண்டியது பாடத்தை. கேட்டதையே சொல்ல முடியாமல் விழித்தால் கேள்வியைத் திருத்துகிறேன்.