யூதிஃப்ரோ கேள்வி: எங்கே வழுக்குகிறோம்?

கடவுள் சொன்னதால் ஒரு செயல் நல்லதாகிறதா, அது நல்லது என்பதால் கடவுள் சொல்கிறாரா? இதைக் கேட்டதும் நாத்திகர் வாதம் என்று ஒதுக்கிவிடுவது முதல் தவறு. பிளேட்டோ எழுதிய 'யூதிஃப்ரோ' என்ற உரையாடலில் புனிதத்தைப் பற்றி இதே கேள்வியைக் கேட்கும் சாக்ரடீஸ் தெய்வம் இல்லை என்று எங்கும் சொல்வதில்லை. எது எதற்குக் காரணம் என்பதுதான் அவருடைய கேள்வி.

இடம் ஏதென்ஸ், கி.மு. 399. சாக்ரடீஸோடு பேசும் யூதிஃப்ரோ தன் தந்தைமேலேயே கொலை வழக்குப் போட வந்திருக்கிறார். நக்சோஸ் தீவுப் பண்ணையில் ஒரு கூலியாள் குடிவெறியில் வீட்டு அடிமை ஒருவனைக் கொன்றுவிட்டான். தந்தை அவனுடைய கைகால்களைக் கட்டிப் பள்ளத்தில் போட்டுவிட்டு, என்ன செய்யலாம் என்று கேட்டுவர ஏதென்சுக்கு ஆள் அனுப்பினார். போனவர் திரும்புவதற்குள் பசியிலும் குளிரிலும் அவன் செத்துப்போனான். வழக்குப் போடுவதே புனிதமான காரியம் என்கிறார் யூதிஃப்ரோ. சரி, புனிதம் என்றால் என்ன என்று சாக்ரடீஸ் கேட்கிறார். தெய்வங்கள் எல்லாம் விரும்புவது என்கிறார் யூதிஃப்ரோ.

பலரும் சறுக்குவது இங்கேதான். 'நல்லதும் தெய்வம் விரும்புவதும் எப்போதும் ஒன்றாகவே இருக்கின்றன, பிறகென்ன?' என்று கேட்கிறார்கள். ஒன்றாக இருப்பது வேறு, ஒன்றுக்கு மற்றொன்று காரணமாக இருப்பது வேறு. ஒருவர் தூக்கிச் செல்வதால்தான் ஒரு பொருள் தூக்கிச் செல்லப்படும் பொருள் ஆகிறது என்று சாக்ரடீஸ் காட்டுகிறார். விரும்பப்படுவதும் அப்படித்தான், யாரோ விரும்புவதால் வருவது. ஆனால் புனிதமானதைத் தெய்வங்கள் ஏன் விரும்புகின்றன என்று கேட்டால், அது புனிதம் என்பதால் என்று யூதிஃப்ரோவே ஒத்துக்கொள்கிறார். அப்படியென்றால் விருப்பம் வருமுன்பே அது புனிதமாக இருந்திருக்கிறது.

மறுபக்கம் போனால், கட்டளைதான் செயலை நல்லதாக்குகிறது என்றாகும். அப்போது கொடுமையைக் கட்டளையிட்டால் அதுவும் நல்லதாகிவிடுமே என்பார்கள். 'கடவுள் அப்படிக் கட்டளையிடவே மாட்டார்' என்ற பதிலோடு நிறுத்திக்கொள்வது இன்னொரு தவறு. ஏன் மாட்டார்? அந்தப் பள்ளத்தையே பாருங்கள். கட்டுண்டு கிடந்தவனின் பசியும் குளிரும் பார்த்துக் கடவுள் அதைத் தடுக்கிறார் என்றால், தவறுக்குக் காரணம் அந்தப் பசியும் குளிரும்தான். அவற்றைப் பாராமல் தடுக்கிறார் என்றால், அந்தத் தடைக்குக் காரணமே இல்லாமல் போகிறது.

அப்புறம், 'கடவுளின் இயல்பே நன்மை' என்ற பதில். இதை வெறும் நழுவல் என்று தள்ளிவிடக் கூடாது. பாரிஸில் இருந்த மீட்டர் கோல்தான் மீட்டருக்கு அளவுகோலாக இருந்ததுபோல, நன்மைக்குக் கடவுளே அளவுகோல் என்று தத்துவவாதி வில்லியம் ஆல்ஸ்டன் வாதிட்டார். விளக்கம் எங்கேயாவது நின்றுதான் ஆக வேண்டும் என்பது நியாயமான பேச்சுதான். ஆனால் அந்தப் பதிலில் நன்மைக்குக் காரணம் கட்டளை அல்ல, இயல்பு. இனிக் கட்டளையால் விளக்க மிஞ்சியிருப்பது, நல்லது என்று ஏற்கெனவே ஆனதை நாம் ஏன் செய்தே ஆக வேண்டும் என்பது மட்டுமே.